விழுந்தவர் எழும்வரை

குமரிக் கடற்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். தவக்காலம் வந்தால் வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் கோவிலில் சிலுவைப் பாதை நடக்கும். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது முதன்முறையாகச் சிந்தனை வாசிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. மைக்கைக் கையில் வாங்கியதும் கால் நடுங்கியது. எப்படியாவது முடித்தால் போதும் என்று பதினான்கு நிலைகளையும் மூச்சுவிடாமல் வாசித்துத் தள்ளினேன். வெளியே வந்தபோது, வாசற்படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஏன் மக்களே இந்த ஓட்டம் ஓடுறே? அவரு கீழ விழுந்து கெடக்காரு. எழும்புறதுக்கு முன்னே நீ அடுத்த படத்துக்குப் போயிட்டியே.”

அன்று வெட்கமாக இருந்தது. ஆனால் சிலுவைப் பாதையைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்த எந்தப் புத்தகமும் இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லித் தரவில்லை.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எந்தக் கத்தோலிக்கக் கோவிலுக்குள் போனாலும் பக்கச் சுவர்களில் வரிசையாகப் பதினான்கு படங்களோ புடைப்புச் சிற்பங்களோ இருக்கும். ஒரு சுவரில் ஏழு, எதிர்ச் சுவரில் ஏழு என்பது பொதுவான அமைப்பு. இயேசுவுக்குத் தீர்ப்பு எழுதப்பட்டதிலிருந்து அவரைக் கல்லறையில் வைத்தது வரையுள்ள காட்சிகள் அவை. ஒவ்வொன்றுக்கும் ‘நிலை’ என்று பெயர். பெரியவர்கள் ‘ஸ்தலம்’ என்பார்கள். சாம்பல் புதனில் தொடங்கும் தவக்காலத்தில், பெரிய வெள்ளியையும் சேர்த்து ஏழு வெள்ளிக்கிழமைகள் வரும். அந்த நாள்களில் இந்தப் படங்களின் முன்னால் ஒவ்வொன்றாக நின்று, மண்டியிட்டு, செபித்து நகர்வதுதான் சிலுவைப் பாதை.

எருசலேமுக்குப் போக முடியாதவர்களுக்காக உருவான பக்தி இது. அங்கே புனித இடங்களின் பொறுப்பை 1342இல் திருத்தந்தை ஆறாம் கிளமெண்ட் பிரான்சிஸ்கன் துறவிகளிடம் ஒப்படைத்தார். போய்வந்த பயணிகள் தாம் கண்டதைச் சொந்த ஊரில் கல்லிலும் மரத்திலும் செய்துவைத்தார்கள். எண்ணிக்கை ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1584இல் நெதர்லாந்துக் குருவானவர் கிறிஸ்தியான் வான் அட்ரிகெம் எருசலேமைப் பற்றி எழுதிய நூலில் பன்னிரண்டு நிலைகள் இருந்தன. இன்றைய முதல் பன்னிரண்டும் ஏறத்தாழ அவையே. அந்த மனிதர் எருசலேமைக் கண்ணால் பார்த்ததில்லை! 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் பதினான்கு என்று உறுதிசெய்து, எல்லாக் கோவில்களிலும் வைக்கலாம் என்று அனுமதித்தார். ஐரோப்பாவில் முடிவான இந்த வரிசைதான் பிறகு எருசலேமின் தெருக்களுக்கே திரும்பிப் போனது.

இவற்றில் ஐந்து நிலைகள் நற்செய்தி நூல்களில் இல்லவே இல்லை. இயேசு மூன்று முறை விழுவதும், வழியில் தாயைச் சந்திப்பதும், வெரோணிக்கா முகம் துடைப்பதும் விவிலியத்தில் வராதவை. பதின்மூன்றாம் நிலையில் பாதி அங்கே இருக்கிறது, பாதி இல்லை. மக்கள் தங்கள் துயரத்திலிருந்து எடுத்துச் சேர்த்தவை இவை என்று எனக்குத் தோன்றும். எங்கள் ஊரில் அதிகம் பேர் கண் கலங்குவதும் இந்த நிலைகளில்தான்.

செய்யும் முறை எளிது. பாடுபட்ட சுரூபத்தை ஒருவர் பிடித்து முன்னே நடப்பார். இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தியோடு பீடச் சிறுவர்கள் வருவார்கள். நிலையின் பெயரைச் சொன்னதும் எல்லாரும் முழந்தாளிட்டு, சிலுவையால் உலகை மீட்ட கிறிஸ்துவை ஆராதித்து ஒரு சிறு மன்றாட்டுச் சொல்வார்கள். எழுந்து நின்று சிந்தனையைக் கேட்பார்கள். பிறகு சிறிது மௌனம், கர்த்தர் கற்பித்த செபம், ஒரு மங்கள வார்த்தை செபம். அடுத்த நிலைக்கு நடக்கும்போது ஒரு பாட்டு. நிதானமாகச் செய்தால் முக்கால் மணி நேரம் ஆகும். அரை மணிக்குள் முடிந்துவிட்டால் மௌனம் எங்கோ விழுங்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒன்றேகால் மணியைத் தாண்டினால் சிந்தனை பிரசங்கமாகிவிட்டது. ஒன்பதாம் நிலையில் பெஞ்சுகளைப் பாருங்கள். பாதிப் பேர் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால் வாசிப்பு நீண்டுவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

இரண்டு விஷயங்களைப் பலர் கவனிப்பதில்லை. பரிபூரண பலன் பெறுவதற்குத் திருச்சபை வைத்திருக்கும் விதியில் தேவைப்படுவது பதினான்கு சிலுவைகள்தான். படங்கள் பார்ப்பதற்கு உதவி மட்டுமே. எங்கள் கோவிலில் ஒவ்வொரு சட்டத்தின் மேலும் விரல் நீளத்தில் ஒரு மரச்சிலுவை இருக்கிறது. ஒருமுறை சுண்ணாம்பு அடித்தபோது அவற்றைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு மாட்ட மறந்தார்கள். வயதான கோவில் பிள்ளை அதைக் கண்டு, ஏணி வைத்து ஒவ்வொன்றாக மாட்டியபிறகுதான் சாப்பிடப் போனார். இரண்டாவது, நடக்க வேண்டும். கூட்டம் மிகுந்து எல்லாரும் நடக்க முடியாவிட்டால், நடத்துபவராவது நிலைக்கு நிலை நகர வேண்டும். பீடத்தில் நின்றபடியே மைக்கில் பதினான்கையும் வாசித்து முடிப்பது எனக்கு ஒப்பவில்லை. வழி என்று பெயர் வைத்துவிட்டு ஓரிடத்தில் நிற்பது எப்படி?

இனி நடப்போம். வீட்டிலோ கோவிலிலோ தனியாகச் செய்கிறவர்களுக்கும் பயன்படும்படி, ஒவ்வொரு நிலையிலும் நான் மனத்தில் வைத்துக்கொள்வதைச் சொல்கிறேன்.

முதல் நிலையில் பிலாத்து கையைக் கழுவுகிறான். குற்றம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கூட்டத்துக்குப் பயந்து எழுதிய தீர்ப்பு அது. நமக்குத் தெரிந்தே ஒருவர்மேல் பழி விழுந்தபோது, ‘எனக்கெதற்கு வம்பு’ என்று நாம் ஒதுங்கிய நாள் ஒன்று இருக்கும். அந்த ஆளின் முகத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நிலையில் சிலுவை தோளுக்கு வருகிறது. ரோமர் வழக்கப்படி தண்டனை பெற்றவன் சுமந்தது பெரும்பாலும் குறுக்குச் சட்டத்தை மட்டுமே. நெடுமரம் கொலைக்களத்தில் நட்டபடி நிற்கும். ஓவியர்கள் முழுச் சிலுவையாகத் தீட்டுகிறார்கள். எதுவானாலும், கசையடி பட்டுக் கிழிந்த தோளின் மேல் வைத்த கட்டை அது. இன்று காலையில் நான் முணுமுணுத்துக்கொண்டே சுமந்த வேலை எது என்று இங்கே கேட்டுக்கொள்வேன்.

மூன்றாம் நிலை, முதல் வீழ்ச்சி. பாட்டி சொன்ன இடம் இதுதான். இங்கே நான் சிந்தனை எதையும் வாசிப்பதில்லை. படத்தில் அவருடைய உள்ளங்கை தரையில் ஊன்றியிருப்பதைப் பார்த்துக்கொண்டு, பத்து மூச்சு விடும் நேரம் நிற்பேன். அவ்வளவுதான்.

நான்காம் நிலையில் தாய் வருகிறார். எந்தப் படத்திலும் இருவரும் பேசிக்கொள்வதாகத் தெரியாது. பிள்ளைக்கு உதவவும் முடியாமல், விலகிப் போகவும் முடியாமல், கூடவே நடக்கிற தாய் அவர். குடிகார மகனோடும் படுக்கையில் கிடக்கும் மகளோடும் வருடக்கணக்கில் நடக்கிற தாய்மார் நம் தெருவிலும் உண்டு. மங்கள வார்த்தையை அவர்கள் பெயருக்காகச் சொல்லலாம்.

ஐந்தாம் நிலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிரேன் ஊர்க்காரர் சீமோன், இன்றைய லிபியாப் பகுதியைச் சேர்ந்தவர். வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த அவரைச் சிப்பாய்கள் பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள். விரும்பி வரவில்லை. அவர் அலெக்சாந்தர், ரூபு என்ற இருவரின் தந்தை என்று மாற்கு நற்செய்தி குறித்துவைக்கிறது. எழுதியவரும் முதலில் கேட்டவர்களும் அந்தப் பிள்ளைகளை அறிந்திருந்தால் ஒழிய, அந்தப் பெயர்களுக்கு அங்கே வேலையில்லை. வேண்டாவெறுப்பாகத் தூக்கிய சுமை அந்தக் குடும்பத்தையே விசுவாசத்துக்குள் கொண்டுவந்திருக்கலாம். எங்கள் வீட்டில் பாட்டி படுத்த படுக்கையானபோது, இரவில் எழுந்து திருப்பிப் படுக்கவைக்கும் முறை எனக்கு வந்தது. முதல் வாரம் எரிச்சலோடுதான் செய்தேன். அன்புடன் தொடங்காவிட்டாலும் செய்யத் தொடங்கலாம் என்பதை இந்த நிலையில் நின்றபோதுதான் ஒப்புக்கொண்டேன்.

ஆறாம் நிலையின் வெரோணிக்கா விவிலியத்தில் இல்லாத பெண். அவர் துடைத்த துணியில் முகம் பதிந்தது என்பது மரபு. அவரால் தண்டனையை நிறுத்த முடியாது, சிலுவையைத் தூக்க முடியாது. கையில் இருந்தது ஒரு துணி. வியர்வையும் இரத்தமும் கண்ணில் வழியும்போது அதற்குத் தேவைப்பட்டதும் ஒரு துணிதான். இந்த வாரம் யாருக்காவது அப்படிச் சின்னதாக ஒன்று செய்ய முடியுமா என்று மட்டும் யோசித்தால் போதும்.

ஏழாம் நிலையில் மறுபடியும் விழுகிறார். பழைய ஐரோப்பிய வழக்கங்களில் ‘ஏழு வீழ்ச்சிகள்’ என்றொரு வரிசை இருந்தது. ஜெர்மனியின் நூரெம்பெர்கில் சிற்பி ஆதாம் கிராஃப்ட் அதைக் கல்லில் செதுக்கியிருக்கிறார். அந்த ஏழில் மூன்று வீழ்ச்சிகளாகவே நிலைத்தன, மற்றவை தாயையும் சீமோனையும் வெரோணிக்காவையும் எருசலேம் பெண்களையும் சந்திக்கும் காட்சிகளாக மாறின என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. அது சரியென்றால், அவர் விழுந்த இடங்களில்தான் மனிதர்கள் அவரிடம் வந்து சேர்ந்தார்கள் என்றாகிறது. விட்டுவிட்டேன் என்று சொன்ன பழக்கத்தில் மறுபடி விழுந்தவர்கள் இந்த நிலையைக் கடந்து போக அவசரப்பட வேண்டாம்.

எட்டாம் நிலையில் எருசலேம் பெண்கள் அழுகிறார்கள். எனக்காக அழவேண்டாம், உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள் என்கிறார் இயேசு. இது லூக்கா நற்செய்தியில் உள்ள காட்சி. பக்தியில் வரும் கண்ணீரை அவர் தம்மிடம் நிறுத்திக்கொள்ளவில்லை. அழுதவர்களின் வீட்டுப் பக்கம் திருப்பிவிடுகிறார்.

ஒன்பதாம் நிலை, மூன்றாம் வீழ்ச்சி. உடம்பில் இனி ஒன்றும் இல்லை. கொல்கொதா கண்ணுக்குத் தெரிகிற தூரம். எழுந்தால் கிடைக்கப்போவது ஆணிகள் என்று தெரிந்தும் எழுகிறார். முதல் வீழ்ச்சியில் நின்றதைவிடக் கூடுதலாக இங்கே நிற்க வேண்டும். ஆனால் பெரும்பாலான கோவில்களில் எல்லாருக்கும் களைப்பு வந்து, பாட்டின் தாளம் வேகமெடுப்பதும் இங்கேதான். பாடகர் குழுவில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பத்தாம் நிலையில் ஆடையைக் களைகிறார்கள். காய்ந்த இரத்தத்தோடு ஒட்டிய துணியை உரிப்பது எப்படி வலிக்கும் என்பது புண்ணுக்குக் கட்டுப் பிரித்தவர்களுக்குத் தெரியும். வலியைவிடப் பெரியது ஊர் பார்க்க நிறுத்திய அவமானம். ஒருவருடைய மானம் கைப்பேசியில் கை மாறி நம்மிடம் வரும்போது, அதை மேலே அனுப்பாமல் அழித்துவிட வேண்டும். இந்த நிலையில் நான் எடுத்துக்கொள்ளும் தீர்மானம் அதுதான்.

பதினொன்றாம் நிலையில் ஆணி அடிக்கிறார்கள். 1968இல் எருசலேமுக்கு வடக்கே ஒரு பழைய கல்லறையில், முதல் நூற்றாண்டில் சிலுவையில் அறையப்பட்ட ஒரு யூதரின் குதிகால் எலும்பு கிடைத்தது. ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளமுள்ள இரும்பாணி அதைத் துளைத்தபடி இருந்தது. நுனி வளைந்துபோனதால் பிடுங்க முடியாமல் எலும்போடு சேர்த்தே அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்த நாள் முதல், இந்த நிலையில் பழகிப்போன சொற்களை என்னால் சொல்ல முடிவதில்லை. இன்றும் சித்திரவதைக் கூடங்களில் இருப்பவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

பன்னிரண்டாம் நிலை இறப்பு. எல்லாரும் முழந்தாளில் இருப்பார்கள். எங்கள் ஊரில் இந்த நேரத்தில் மின்விசிறிகளை நிறுத்திவிடுவார்கள். அதுவரை கேட்காத கடலின் இரைச்சல் ஜன்னல் வழியாக வரும்.

பதின்மூன்றாம் நிலை. அரிமத்தியா ஊர் யோசேப்பு பிலாத்துவிடம் கேட்டு உடலை இறக்கியது நற்செய்தியில் இருக்கிறது. அதைத் தாய் மடியில் வாங்கியது எழுதப்படவில்லை. சிலுவையடியில் நின்ற தாய் வேறென்ன செய்திருப்பார் என்று விசுவாசிகள் தாமே உணர்ந்து சேர்த்தார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது எங்கள் கரையோரக் கிராமங்களிலிருந்து கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி சாம்பல் புதன். அந்தத் தவக்காலத்தின் முதல் வெள்ளியன்று பதின்மூன்றாம் நிலைக்கு வந்தபோது, மகனை இழந்த ஒரு அம்மா எழுந்து படத்தின் அருகே போனார். மரியாளின் மடியில் கிடக்கும் உருவத்தின் கால்பக்கம் கையை வைத்தார். “உனக்குக் கையில தந்தாங்களே, அம்மா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று சிந்தனை வாசிக்க வேண்டிய இளைஞன் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டான். அவர் தானாகத் திரும்பி வந்து உட்காரும்வரை யாரும் அடுத்த பாட்டைத் தொடங்கவில்லை. அந்த வருடம் எல்லா வெள்ளிக்கிழமைகளிலும் இந்த நிலையில் வாசிப்பு இல்லாமலே போனோம்.

பதினான்காம் நிலை கல்லறை. நிக்கதேம் ஏறத்தாழ 30 கிலோ வெள்ளைப்போளமும் அகிலும் கொண்டுவந்தார் என்று யோவான் எழுதுகிறார். ஒரு தண்டனைக் கைதியின் உடலுக்கு அது அரசர்களுக்குரிய அளவு. உயிரோடு இருந்தபோது இரவில் மறைந்து வந்தவர், இறந்தபிறகு பகலில் வருகிறார். அவரை எங்கே வைக்கிறார்கள் என்று பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றதையும் மாற்கு சொல்கிறது. முடிந்துவிட்டது என்று ஆண்கள் கல்லைப் புரட்டிவிட்டுப் போகிறார்கள். பெண்கள் இடத்தை அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள், மறுபடி வருவதற்காக.

சில இடங்களில் உயிர்ப்பைப் பதினைந்தாம் நிலையாகச் சேர்க்கிறார்கள். அதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் தவக்கால வெள்ளியில் கல்லறையோடு நிறுத்துவதே எனக்குப் பிடித்திருக்கிறது. உயிர்ப்பு ஞாயிறுவரை காத்திருப்பதும் இந்தச் செபத்தின் ஒரு பகுதி.

முழங்கால் வலி உள்ளவர்கள் பதினான்கு முறை மண்டியிட்டே ஆகவேண்டும் என்பதில்லை. தலை வணங்கினால் போதும். கோவிலுக்கு வர முடியாதவர்கள் வீட்டில் பாடுபட்ட சுரூபத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் இயேசுவின் பாடுகளைத் தியானிக்கலாம். சிந்தனைப் புத்தகம் இல்லாதவர்களுக்கும் தடையில்லை. நிலையின் பெயரும் சிறிது மௌனமும் இருந்தால் செபம் நடக்கும்.

என்னிடம் மைக்கைத் தந்தால் இப்போது மெதுவாக வாசிக்கிறேன். நீங்களும் வருகிற வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனால், மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் நிலைகளில் அவர் எழும்வரை நின்றுவிட்டுப் பிறகு நடங்கள்.